கலைச்சொல் தேவை: சூதாட்டத் தளம் கவனிப்பதும் சூதாட்டத் தளம் சந்தேகிப்பதும்

மலர்விழி, கடலூர்:

குழுவினருக்கு வணக்கம். தமிழ்வழி பி.காம். மாணவர்களுக்கு வங்கிச் சட்டம் எடுக்கிறேன். திங்கட்கிழமை காலை பாடக்குறிப்பை மஞ்சக்குப்பத்தில் நகலெடுக்கக் கொடுத்தாக வேண்டும்.

பணச் சலவைத் தடுப்புப் பாடத்துக்கு, பிரிட்டனில் உரிமம் பெற்ற இணையச் சூதாட்டத் தளத்தை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடை விதிக்கும் சட்டத்தை நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிவிட்டது. அதனால் உள்ளூர் எடுத்துக்காட்டு சரிவராது.

சிக்கல் இதுதான். மூலத்தில் ‘அன்யூஷுவல்’ என்றும் ‘சஸ்பிஷியஸ்’ என்றும் இரண்டு சொற்கள் வருகின்றன. நான் இரண்டையும் ‘சந்தேகத்துக்குரிய’ என்றே எழுதிவிட்டேன். வகுப்பில் ஒரு பெண் எழுந்து, “மேடம், முதல் வரியிலேயே சந்தேகம் வந்துடுச்சே, அப்புறம் எதுக்கு விசாரிக்கிறாங்க?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. இரண்டு தனிச்சொற்கள் வேண்டும். ‘டிப்பிங் ஆஃப்’ என்பதற்கும் ஒன்று தேவை.

ராமானுஜம், புதுச்சேரி:

அம்மா, நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். இதை இவ்வளவு சுற்றத் தேவையில்லை. பத்து லட்சத்துக்கு மேல் ரொக்கம் புழங்கினால் டெல்லியில் உள்ள நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு அறிக்கை போகும். பெரிய தொகை என்றால் அறிக்கை, சிறியது என்றால் இல்லை. சூதாட்டத் தளத்துக்கும் இப்படி ஏதாவது ஒரு வரம்பு இருக்கும். ‘வரம்பு மீறிய பரிமாற்றம்’ என்று எழுதிவிடுங்கள், மாணவர்களுக்குப் புரியும்.

ஜோசப், முத்தியால்பேட்டை:

ராமானுஜம் ஐயா சொன்ன பத்து லட்சம் ரொக்க அறிக்கைக்கு உரியது. அது தனி அறிக்கை. சந்தேக அறிக்கைக்கு நம் ஊரிலும் தொகை வரம்பு கிடையாது. ஆயிரம் ரூபாய்க்கும் போகலாம், முடியாமல் போன பரிமாற்றத்துக்கும் போகலாம். ‘வரம்பு’ என்று எழுதினால் மாணவர்கள் தேர்விலும் அதையே எழுதுவார்கள்.

லண்டனில் ஒரு சூதாட்டத் தளத்தில் இந்த வேலைதான் பார்த்தேன். வழக்கமாக வருகிற மாதிரி ஒன்றைச் சொல்கிறேன், ஆளும் தொகையும் கற்பனை. ஒருவர் கணக்குத் தொடங்குகிறார். நான்கு நாளில் மூன்று வெவ்வேறு டெபிட் கார்டுகளிலிருந்து 900, 950, 900, 950 என்று மொத்தம் 3,700 பவுண்டு போடுகிறார். ரூலெட்டில் சிவப்பிலும் கறுப்பிலும் சின்னச் சின்னதாக 160 பவுண்டு வைத்து ஆடுகிறார், 20 பவுண்டு தோற்கிறார். ஐந்தாம் நாள் புதிதாக ஒரு வங்கிக் கணக்கைச் சேர்த்து, மீதி 3,680 பவுண்டையும் அதில் போடச் சொல்கிறார்.

இங்கே தொகை பெரிதல்ல. அதைவிடப் பத்து மடங்கு போட்டு, விடிய விடிய ஆடித் தோற்கிறவர்களும் அங்கே உண்டு. உறுத்துவது, ஆட வந்தவர் ஆடவே இல்லை என்பது. மூன்று கார்டில் உள்ளே போன பணம் ஒரே கணக்குக்கு வெளியே வருகிறது. அந்த வங்கி ஏட்டில் பார்த்தால், உரிமம் பெற்ற சூதாட்ட நிறுவனம் கொடுத்த பணம் என்றிருக்கும். யாராவது கேட்டால் ‘ஜெயித்தேன்’ என்பார். திருட்டுக் கார்டுப் பணமாக இருந்தால், இருபது பவுண்டு செலவில் அதற்கு ஒரு பூர்வீகம் கிடைத்துவிட்டது. தளங்கள் போட்ட கார்டுக்கே பணத்தைத் திருப்ப முயல்வது இதனால்தான்.

இப்போது உங்கள் இரண்டு சொற்களுக்கு வருகிறேன். ‘போட்டதில் பெரும்பகுதி ஆடாமலே வெளியே போகிறது’ என்று முதலில் சொல்வது மென்பொருள். அது அன்யூஷுவல், அவ்வளவுதான். அதன் பிறகு ஒரு ஊழியர் உட்கார்ந்து பார்ப்பார். கார்டுகள் யாருடையவை, அதே கைப்பேசியிலிருந்து வேறு கணக்கு ஓடுகிறதா, இவருடைய வேலை என்ன என்று பார்ப்பார். தேவைப்பட்டால் பணம் வந்த வழிக்குச் சம்பளச் சீட்டு கேட்பார். ‘புது ஊருக்கு மாறினேன், பழைய கணக்குகளை மூடுகிறேன், ஆட மனமில்லை’ என்று ஆவணத்தோடு சொன்னால், காரணத்தை எழுதிவைத்து அதை அங்கேயே முடித்துவிடலாம். பதில் ஒட்டவில்லை என்றால் விவகாரம் நிறுவனத்தில் இதற்கென்றே நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் போகும். அவர் மனத்தில் ஐயம் எழுந்தால்தான் அது சஸ்பிஷியஸ். அப்போதுதான் அறிக்கை தேசியக் குற்றத்தடுப்பு முகமைக்குப் போகும்.

ஐயம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை 2006இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வெறும் மனக்குறுகுறுப்பு போதாது, வெறும் கற்பனையைத் தாண்டிய ஒரு வாய்ப்பு இருந்தால் போதும், ஆதாரம் தேவையில்லை என்பது அதன் சாரம்.

புலவர் கதிரேசன், விருத்தாசலம்:

ஜோசப் தம்பி விளக்கியதைப் படித்ததும் சொல் தானாக வந்து நின்றது. நன்னூல் படித்தவர்களுக்கு வழாநிலை, வழு, வழுவமைதி மூன்றும் தெரியும். வழக்கப்படி நடப்பது வழாநிலை. மென்பொருள் பிடிப்பது வழு. காரணம் கேட்டு ஏற்றுக்கொண்டால் வழுவமைதி. ஏற்க முடியாவிட்டால் ஐயுறவு. குறளில் தெரிந்துதெளிதல் அதிகாரத்தில் ‘ஐயுறவு’ என்றே ஆளப்பட்டிருக்கிறது. ‘சந்தேகம்’ வடசொல், நமக்கு வேண்டாம்.

இன்னொன்று. ‘சலவை’யும் எனக்கு உடன்பாடில்லை. அது ‘சலம்’ என்பதன் வழி வந்தது என்பார் உண்டு. ‘சலம்’ தமிழா வடமொழியா என்பதை அடுத்த மடலில் விரிவாக எழுதுகிறேன். ‘வெளுத்தல்’ ஐயத்துக்கு இடமின்றித் தமிழ். ‘பணவெளுப்பு’ எனலாம்.

லூர்து மேரி, புதுச்சேரி:

பிரெஞ்சு வகுப்பு எடுக்கிற எனக்குப் ‘பணவெளுப்பு’ பிடித்திருக்கிறது. பிரெஞ்சிலும் இதை ‘பிளான்ஷிமான்’ என்றுதான் சொல்கிறார்கள், வெள்ளையாக்குதல். துணி துவைக்கிற பேச்சே அதில் இல்லை. ஆனால் நம் ஊரில் ‘வெளுத்துட்டான்’ என்றால் அடித்துவிட்டான் என்று பொருள். மாணவர்கள் சிரிப்பார்கள்.

செந்தில், பண்ருட்டி:

ஐயா, அம்மா, இதே கதை எனக்கு நடந்தது. முந்திரி வியாபாரம். முகம் தெரியாத ஒருவர் யு.பி.ஐ.யில் 18,000 அனுப்பிச் சரக்கு எடுத்தார். அடுத்த வாரம் கணக்கை முடக்கிவிட்டார்கள். வங்கியில் கேட்டால் வேறு மாநிலத்துச் சைபர் காவல்துறை என்கிறார்கள். எனக்கு என்ன வழு? ஏன் முன்னாடியே என்னிடம் காரணம் கேட்கவில்லை? இந்த அறிக்கையை யார் அனுப்பியது என்று எங்கே தெரிந்துகொள்வது?

ஜோசப், முத்தியால்பேட்டை:

செந்தில், உங்களுடையது பெரும்பாலும் வேறு வகை. எங்கோ ஒருவர் பணத்தைப் பறிகொடுத்துப் புகார் கொடுத்திருப்பார். அந்தப் பணம் கை மாறி உங்களுக்கு வந்திருக்கும். காவல்துறை பணம் போன தடத்தில் வந்து முடக்குகிறது. அதில் புகார் எண் இருக்கும். வங்கிக் கிளையில் அந்த எண்ணையும், எந்தக் காவல் நிலையம் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பில்லையும் சரக்கு அனுப்பிய ரசீதையும் அந்த நிலையத்துக்கே அனுப்புங்கள்.

சந்தேக அறிக்கையில் புகார்தாரர் இல்லை. யார் அனுப்பியது என்று உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள், சொல்லக் கூடாது என்பது விதி. மலர்விழி கேட்ட மூன்றாம் சொல் இதுதான். தமிழில் எல்லோரும் உடனே ‘துப்புக் கொடுத்தல்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது போலீஸுக்குத் தகவல் சொல்வது. இதுவோ நேர் எதிர், ‘உன்மேல் அறிக்கை போயிருக்கு’ என்று ஆளிடமே போட்டுக்கொடுப்பது. பிரிட்டனில் இதற்கு இரண்டு ஆண்டுவரை சிறை.

அந்த 3,680 பவுண்டையே பாருங்கள். பணத்தை விடுவிக்க, தளம் முகமையிடம் ஒப்புதல் கேட்கும். ஏழு வேலைநாளில் பதில் வராவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளலாம். மறுத்தால் இன்னும் 31 நாள் நிறுத்திவைக்க வேண்டும். அத்தனை நாளும் வாடிக்கையாளர் தினம் அழைத்துத் திட்டுவார். உதவி மையத்தில் இருக்கிற பிள்ளை ‘சரிபார்ப்பில் இருக்கிறது’ என்பதைத் தவிர ஒன்றும் சொல்லக் கூடாது. எங்கள் இடத்தில் அந்தப் பிள்ளைகளுக்கே அறிக்கை பற்றித் தெரியாமல் வைத்திருப்போம், வாய் தவறிவிடும் என்று. ‘உஷார்படுத்தல்’ என்று நான் முன்மொழிகிறேன்.

புலவர் ஐயாவின் வழுவமைதியை நான் எதிர்பார்க்கவே இல்லை. அந்த வேலையில் பெரும்பகுதி அதுதான், காரணத்தை எழுதி முடித்துவைப்பது. ஆனால் ‘வழு’ என்றால் இன்று தவறு என்றுதான் காதில் விழுகிறது. மென்பொருளில் ‘பக்’குக்கும் அதையே வைத்திருக்கிறார்கள். செந்தில் இப்போதே ‘எனக்கு என்ன வழு’ என்று கேட்டுவிட்டார், பாருங்கள்.

புலவர் கதிரேசன், விருத்தாசலம்:

‘உஷார்’ பாரசீகம். சந்தேகத்தை விரட்டிவிட்டு உஷாரை உள்ளே விடுவதா? ‘முன்னெச்சரித்தல்’ இருக்கிறதே.

லூர்து மேரி, புதுச்சேரி:

முன்னெச்சரிக்கை புயலுக்குச் சொல்வது ஐயா. கடலூர்ப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் துறைமுகத்தில் ஏற்றும் கூண்டு எண்தான் நினைவுக்கு வரும்.

ராமானுஜம், புதுச்சேரி:

வரம்பு பற்றி ஜோசப் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நடைமுறையில் ஒரு சங்கடம் உண்டு, அதையும் குறிப்பில் சேருங்கள். எங்கள் காலத்தில் கொஞ்சம் உறுத்தினாலே அனுப்பிவிடுவோம். அனுப்பாமல் விட்டு நாளை மாட்டிக்கொண்டால் யார் பதில் சொல்வது? பிறகு ‘வழக்கத்துக்கு மாறானது’ என்ன, ‘சந்தேகத்துக்குரியது’ என்ன, எல்லாம் ஒன்றுதான்.

ஜோசப், முத்தியால்பேட்டை:

உண்மைதான். அங்கேயும் ஐயம் எழுந்தும் அனுப்பாமல் விட்டால் ஐந்தாண்டுவரை சிறை என்று சட்டம் இருக்கிறது. அதனால் பயந்துபோய் எல்லாவற்றையும் அனுப்புகிறார்கள். ‘வாடிக்கையாளர் நிறையப் பணம் போட்டார்’ என்று ஒரே வரியில் வரும் அறிக்கையை வைத்துக்கொண்டு முகமை என்ன செய்யும்? எத்தனை கார்டு, எவ்வளவு ஆடினார், எந்தக் கணக்குக்குக் கேட்டார், நாம் என்ன கேட்டோம், அவர் என்ன சொன்னார், அதில் எது ஒட்டவில்லை என்று எழுதினால்தான் பயன். எழுத உட்கார்ந்து, ‘எது ஒட்டவில்லை’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டால் அது இன்னும் வழக்கத்துக்கு மாறானதாகவே இருக்கிறது, ஐயமாகவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். மலர்விழியின் மாணவிக்கு இந்த விடையைச் சொல்லலாம்.

மலர்விழி, கடலூர்:

எல்லோருக்கும் நன்றி. நாளை காலைக்குள் கொடுக்க வேண்டும், அதனால் இப்படி வைக்கிறேன். முதல் நிலைக்கு ‘வழக்கத்துக்கு மாறான பரிமாற்றம்’. சொல் நீளம்தான், ஆனால் யாரையும் குற்றம் சாட்டவில்லை. இரண்டாம் நிலைக்கு ‘ஐயத்துக்குரிய பரிமாற்றம்’. காரணம் எழுதி முடித்துவைப்பதற்குப் புலவர் ஐயாவின் ‘வழுவமைதி’யை ஓரக்குறிப்பாகச் சேர்க்கிறேன், இலக்கணம் படித்த பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். ‘உஷார்படுத்தல்’ இருக்கட்டும், நான்கு பேர் ஆதரவு தனிமடலில் வந்தது. செய்தித்தாள்களில் ‘சட்டவிரோதப் பணப் பரிமாற்றம்’ என்றே வருவதால் தலைப்பில் அதையும் போட்டு, உள்ளே ‘பணச் சலவை’ என்றே விடுகிறேன்.

புலவர் கதிரேசன், விருத்தாசலம்:

ஓரக்குறிப்புக்கு மகிழ்ச்சி. ‘உஷார்’, ‘சலவை’ இரண்டுக்கும் என் மறுப்பைப் பதிந்துகொள்க. ‘சலம்’ பற்றிய மடல் பாதி எழுதியாயிற்று, இரவுக்குள் வரும்.

செந்தில், பண்ருட்டி:

புகார் எண் கிடைத்துவிட்டது ஜோசப் அண்ணே. நிலையம் ராஜஸ்தானாம். தமிழில் எழுதினால் படிப்பார்களா, இந்தியில் எழுதித் தர இங்கே யாராவது இருக்கிறீர்களா?