ரிஸ்க் பிரீமியத்துக்குத் தமிழ்: ‘இடர் மிகை’ பொருந்துமா?

மொழிபெயர்ப்பாளர்:
முதலீட்டின் எதிர்பார்ப்பு வருவாயைப் பல பொருளாதாரக் காரணிகளைக் கொண்டு கணிக்கும், ஸ்டீபன் ராஸ் 1976-இல் வெளியிட்ட ஆர்பிட்ராஜ் விலைக் கோட்பாட்டைத் தமிழில் எழுதுகிறேன். காரணி, அது மாறினால் வருவாய் எவ்வளவு அசையும் என்று காட்டும் உணர்திறன், இரண்டும் சிக்கலின்றி அமைந்துவிட்டன. இடரைத் தாங்குவதற்காகக் கிடைக்கும் ரிஸ்க் பிரீமியம்தான் இடிக்கிறது.

கணக்காய்வாளர்:
பிரீமியம் என்றே விட்டால் காப்பீட்டுத் தவணை என்று நினைப்பார்கள். அது நாம் கட்டுவது, இது நமக்கு வருவது. ‘இடர் வருவாய்’ எனலாமே? இடரற்ற வட்டியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு காரணியின் வருவாயையும் உணர்திறனால் பெருக்கிக் கூட்டினால் விடை.

நிதியியல் ஆசிரியை:
தவணையைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் ‘வருவாய்’ என்ற சொல்லே உங்களைத் தவறான கணக்குக்கு இழுத்துவிட்டது, பாருங்கள். இடரற்ற வட்டி 6% என்போம். தொழில் உற்பத்தியை மட்டும் பின்தொடரும் முதலீட்டுத் தொகுப்பின் எதிர்பார்ப்பு வருவாய் 10%. பணவீக்கத்தை மட்டும் பின்தொடர்வதற்கு 4.5%. நம் தொகுப்பின் உணர்திறன்கள் 1.2, 0.6. நீங்கள் சொன்னபடி 6 + 12 + 2.7 = 20.7%. அந்த 10-க்குள்ளும் 4.5-க்குள்ளும் வட்டி ஏற்கெனவே இருக்கிறது. கழித்த பிறகே பெருக்க வேண்டும்:

```
E(r) = 6 + 1.2×(10−6) + 0.6×(4.5−6)
     = 6 + 4.8 − 0.9 = 9.9%
```

சரிபார்க்க வேறொரு வழியும் உண்டு. கையிலுள்ள 100 ரூபாயோடு 80 ரூபாய் 6%-இல் கடன் வாங்கி, முதல் தொகுப்பில் 120, இரண்டாவதில் 60 போடுங்கள். 12 + 2.7 − 4.8, அதே 9.9. உணர்திறனும் அதேதான். சந்தை நம் தொகுப்புக்கு 11% தரும் விலை வைத்தால், அதை வாங்கி, அதைப் போலவே அமைத்த இந்தக் கலவையை விற்பவருக்குக் கைமுதல் இல்லாமல் 100 ரூபாய்க்கு 1.10 ரூபாய். இதுதான் ஆர்பிட்ராஜ். அந்த வாங்கலே விலையை ஏற்றி வருவாயை 9.9-க்கு இறக்கும். ஆகவே ‘இடர் மிகை’ என்பேன். வட்டிக்கு மேல் மிஞ்சுவது என்று சொல்லிலேயே தெரியும்.

முதலீட்டாளர்:
என்னிடம் ஒரே ஒரு வங்கிப் பங்கு இருக்கிறது. பீட்டா 1.2 என்று தளத்தில் போட்டிருக்கிறான். போன வருஷம் 11% கிடைத்தது. அப்போ எனக்கு 1.1% ஆர்பிட்ராஜா?

நிதியியல் ஆசிரியை:
இல்லைங்க. பீட்டா என்பதும் உணர்திறன்தான், ஆனால் தளத்தில் இருப்பது சந்தைக் குறியீட்டுக்கானது, உற்பத்திக்கானதல்ல. 11% நடந்து முடிந்தது, 9.9 எதிர்பார்ப்பு. ஒற்றைப் பங்கில் அந்த வங்கியின் வாராக்கடன் போன்ற தனி இடரும் ஒட்டிக்கொண்டிருக்கும். பல பங்குகளாகப் பரவிய தொகுப்பில்தான் அது கரையும்.

மொழிபெயர்ப்பாளர்:
அம்மா, உங்கள் கணக்கில் பணவீக்கத்துக்கு −1.5 வருகிறதே. குறைவதை ‘மிகை’ என்பதா?

நிதியியல் ஆசிரியை:
எதிர்பாராமல் விலைவாசி ஏறும்போது கைகொடுக்கும் தொகுப்பு என்பதால் குறைந்த வருவாய்க்கும் ஆள் இருக்கிறது, அதனால்தான் எதிர்க்குறி. எதிர்க்குறி மிகை என்று வகுப்பில் சொல்லிப் பழகிவிட்டது.

கணக்காய்வாளர்:
கழித்தாக வேண்டும் என்பது சரிதான். ஆனாலும் காதுக்கு ஒவ்வவில்லை. ‘இடர் ஈடு’ என்றால் இரண்டு குறிக்கும் பொருந்தும்.

மொழிபெயர்ப்பாளர்:
ஈடு என்றால் அடமானம் என்று படிப்பார்களே.