எட்டுப் பாத்தி வெங்காயம்: t சோதனையா, பெர்மியூட்டேஷன் சோதனையா?

உரும்பிராய்ப் பொடியன்:
மாமாவின் தோட்டக் கொப்பியைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். சின்ன வெங்காயம், பாத்திக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு. கூட்டெரு போட்ட நாலு பாத்தி: 13.1, 12.4, 11.9, 12.8. வழமையான பசளை போட்ட நாலு: 11.2, 12.0, 10.8, 11.6. அந்த 11.9 படத்தில் 11.4 போலவும் தெரிகிறது. கொப்பி இப்போது கையில் இல்லை. கூட்டெருவால்தான் விளைச்சல் கூடியது என்று சொல்லலாமா?

புள்ளிக்கோலம்:
t சோதனை போட்டால் முடிந்தது. சராசரி 12.55, மற்றது 11.4. t கிட்டத்தட்ட 3.14, p 0.02, அதாவது உண்மையில் மாற்றமே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு. கூடியிருக்கிறது என்று தாராளமாக எழுதலாம்.

கிணற்றடி:
தம்பி, முதலில் அந்த இலக்கத்தைப் பார்ப்போம். மாமா பத்தியின் அடியில் கூட்டுத்தொகை எழுதினவரா? எழுதியிருந்தால் மற்ற மூன்றின் கூட்டு 38.3ஐ அதிலிருந்து கழித்துப் பாருங்கள்.

உரும்பிராய்ப் பொடியன்:
அடியில் 50.2 என்று தெளிவாக இருக்கிறது அண்ணை. அப்படியென்றால் 11.9 தான்.

கிணற்றடி:
நல்லது. 11.4 என்றால் கூட்டு 49.7 ஆக வந்திருக்கும். இனி பெர்மியூட்டேஷன் சோதனைக் கணக்கு. கூட்டெருவால் ஒரு மாற்றமும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது இந்த எட்டு நிறைகளும் எப்படியும் இவைதான், எந்த நாலுக்குக் 'கூட்டெரு' என்று பெயர் விழுந்தது என்பது மட்டுமே தற்செயல். எட்டில் நாலைத் தெரிய 70 வழி. அவற்றில் கூட்டு 50.2 அல்லது அதற்கு மேல் வருவது எத்தனை? அதிகபட்சம் 13.1, 12.8, 12.4, 12.0 சேர்ந்து 50.3. அடுத்தது நம்முடைய 50.2. அதற்கடுத்தது 49.9க்கு இறங்கிவிடும். ஆக 2. எதிர்ப்பக்கமும் அதே போல 2. மொத்தம் 70இல் 4, p 0.057.

புள்ளிக்கோலம்:
பத்தாயிரம் தடவை கலைத்துப் போட்டால் இன்னும் நுட்பமாக, சிறிய p வருமே? 70 போதாது.

கிணற்றடி:
கலைப்பது எல்லா வழிகளையும் எண்ண முடியாதபோது செய்யும் வேலை. இங்கே இருப்பதே 70 வழி. பத்தாயிரம் தடவை கலைத்தாலும் அதே 0.057ஐச் சுற்றித்தான் ஆடும். கணினியில் எண்ணுவதானால் பத்தால் பெருக்கி முழு எண்ணாகப் போடுங்கள். தசமமாக விட்டால், சமமாக வர வேண்டிய கூட்டு மயிரிழையில் குறைந்து எண்ணிக்கையில் இருந்து நழுவக்கூடும்.

```python
from itertools import combinations
a = [131, 124, 119, 128]
b = [112, 120, 108, 116]
n = 0
for c in combinations(a + b, 4):
    if abs(2*sum(c) - 958) >= 46:
        n += 1
print(n)   # 4
```

11.4 என்று வாசித்திருந்தால் 70இல் 6, அதாவது 0.086. ஒரே ஒரு இலக்கம் இவ்வளவு நகர்த்துகிறது. அதனால்தான் கூட்டுத்தொகையைக் கேட்டேன்.

வன்னிக்காற்று:
நானும் ஆட்டுக்குத் தீவனம் மாற்றிப் பார்த்தேன், மூன்றுக்கு மூன்று. புதுத்தீவனம் தின்ற மூன்றும் மற்ற மூன்றைவிடக் கூடப் பால் தந்தன. ஆனால் இந்தச் சோதனையில் 0.1க்குக் கீழே போகவே இல்லை. சோதனைதான் பிழை என்று விட்டுவிட்டேன்.

கிணற்றடி:
சோதனை பிழையில்லை. ஆறில் மூன்றைத் தெரிய 20 வழிதான், இரு பக்கமும் சேர்த்து ஆகக் குறைந்தது 20இல் 2. எவ்வளவு பெரிய வித்தியாசம் வந்தாலும் வழமையாக எல்லையாக வைக்கும் 0.05ஐத் தொட முடியாது. நாலுக்கு நாலில் ஆகக் குறைந்தது 70இல் 2, அதாவது 0.029.

புள்ளிக்கோலம்:
அப்போ என் 0.02 எங்கே போனது? அதே தரவு தானே.

கிணற்றடி:
உங்கள் 0.02, நிறைகள் மணி வடிவப் பரவலில் இருந்து வந்தவை என்ற நம்பிக்கையில் நிற்கிறது. எட்டு எண்களை வைத்து அதைச் சரிபார்க்க வழியில்லை. அந்த நம்பிக்கை சரியென்றால் t சோதனைக்குத்தான் கூர்மை அதிகம், அதை ஒத்துக்கொள்கிறேன்.

புள்ளிக்கோலம்:
விளைச்சல் நிறைக்கு அது பொதுவாகப் பொருந்தும். என் பக்கம் t தான். உங்கள் சோதனைக்கு ஒரு நம்பிக்கையும் வேண்டாமா?

கிணற்றடி:
வேண்டும், கட்டாயம் வேண்டும். எந்தப் பாத்திக்கு எது என்பதை மாற்றிப் போட்டிருக்கலாம் என்ற நிலை இருக்க வேண்டும். தம்பி, மாமா கூட்டெருப் பாத்திகளை எப்படித் தெரிந்தெடுத்தவர்?

உரும்பிராய்ப் பொடியன்:
இப்போதுதான் கேட்டேன். கூடை சுமக்க வசதி என்று கிணற்றுக்குப் பக்கத்து நாலு பாத்தியிலும் போட்டாராம்.

கிணற்றடி:
அப்படியென்றால் சிக்கல். வாய்க்காலில் முதல் தண்ணீர் குடித்ததும் அந்த நாலு பாத்திகள்தான். கூட்டெருவையும் தண்ணீரையும் இனிப் பிரிக்க முடியாது, 0.02 என்றாலும் 0.057 என்றாலும். அந்த நாலு பாத்தி கூட விளைந்தது என்று எழுதலாம், கூட்டெருவால் என்று எழுத முடியாது. அடுத்த போகத்தில் பாத்திகளின் இலக்கத்தைத் துண்டில் எழுதிக் குலுக்கி எடுக்கச் சொல்லுங்கள். முடிந்தால் ஐந்துக்கு ஐந்து, அப்போது 252 வழி கிடைக்கும்.

புள்ளிக்கோலம்:
குலுக்கினாலும் கிணற்றடி நாலுமே ஒரு பக்கம் விழலாமே? கிணற்றுக்குக் கிட்ட இரண்டு, தூர இரண்டு என்று பிரித்துக் குலுக்குவதுதான் சரி.

கிணற்றடி:
நல்ல யோசனை. ஆனால் அப்படிப் பிரித்தால் எண்ணும்போதும் அந்தப் பிரிவுகளுக்குள் மட்டும்தான் மாற்றலாம். இரண்டு பக்கமும் ஆறு ஆறு வழி, மொத்தம் 36.

உரும்பிராய்ப் பொடியன்:
மாமாவிடம் எட்டுப் பாத்திக்குத்தான் நிலம் இருக்கிறது. 70ஆ, 36ஆ என்று நீங்கள் இருவரும் முடிவு சொன்னால் துண்டு வெட்டித் தருகிறேன்.