ஏஐ செயலியில் சாட்டை அழித்தாலும் விஷயம் திரும்ப வருகிறதே?

ஓஎம்ஆர்_வாசி: வேறு கம்பெனியில் ஆஃபர் வந்தது, நோட்டீஸ் பீரியட் பற்றி ஒரு ஏஐ செயலியில் கேட்டேன். அந்தச் சாட்டை அன்றைக்கே அழித்தாயிற்று. நேற்று மேனேஜர் பக்கத்தில் இருக்கும்போது சும்மா ஒரு மெயில் எழுதச் சொன்னால், "நீங்கள் விலகப்போவதால் பொறுப்பை ஒப்படைப்பது பற்றியும் சேர்க்கவா?" என்கிறது. எங்கிருந்து எடுக்கிறது?

தாம்பரம்_குமார்: கேஷே க்ளியர் பண்ணுங்க ப்ரோ. என் போன்லயும் மெமரி ஃபுல்னு வந்துச்சு, அப்படித்தான் சரியாச்சு.

அடையாறு_அக்கா: குமார், அது போன் இடம், இது வேறு. தம்பி, சாட்ஜிபிடி மாதிரி செயலிகளில் சாட் ஒரு இடம், அதிலிருந்து எடுத்துவைத்த குறிப்பு இன்னொரு இடம். சாட்டை அழித்தால் குறிப்பு போகாது. சாட்ஜிபிடி என்றால் Settings > Personalization போய் Manage memories திறந்து, வேலை மாறுவது பற்றிய வரி இருந்தால் அதை மட்டும் அழியுங்கள்.

மயிலை_மணி: எதுக்கு ஒவ்வொன்றாக? மெமரியையே ஆஃப் செய்தால் முடிந்தது கதை.

அடையாறு_அக்கா: பாதி சரி. ஆஃப் செய்தால் குறிப்பைப் பயன்படுத்தாது, ஆனால் அழிக்காது. மறுபடி ஆன் செய்ததும் நோட்டீஸ் பீரியட் வந்து நிற்கும். இன்னொன்று, Reference chat history ஆனில் இருந்தால் பழைய சாட்களிலிருந்தும் எடுக்கும், அப்படி எடுப்பதெல்லாம் அந்தப் பட்டியலில் தெரியாது. அதனால் இதே விஷயத்தை வேறு எந்தச் சாட்டில் பேசினீர்கள் என்று தேடிப் பாருங்கள், சம்பளக் கணக்கு, ரெஸ்யூமே என்று எங்காவது இருக்கும். ஆர்க்கைவில் போட்டதும் அழித்ததாகாது. குறிப்பு, சாட் இரண்டும் போக வேண்டும்.

மயிலை_மணி: இவ்வளவு வேலைக்கு, இந்த மாதிரி விஷயத்தை Temporary Chat-லேயே கேட்டிருக்கலாமே? அது மெமரியில் சேராது. எனக்கு இந்தச் செயலி என்னைப் பற்றி எதையும் நினைவில் வைக்க வேண்டாம், அவ்வளவுதான்.

அடையாறு_அக்கா: இனிமேல் கேட்பதற்கு அது சரி. எனக்கு நினைவு வேண்டும் மணி சார். வீட்டில் வெங்காயம், பூண்டு கிடையாது என்பதை ஒவ்வொரு சமையலுக்கும் திரும்பச் சொல்ல முடியாது. அந்த வரி இருக்கட்டும், வேலை, உடம்பு, பணம் பற்றியவை போகட்டும்.

மயிலை_மணி: எது போகணும்னு மாசாமாசம் யார் உட்கார்ந்து பார்ப்பது? அழித்த குறிப்பின் பதிவை 30 நாள் வரை வைத்திருக்கலாம் என்று அவர்களே சொல்கிறார்கள்.

அடையாறு_அக்கா: அது அவர்கள் சர்வரில். தம்பிக்குப் பிரச்சினை மேனேஜர் முன்னால் திரையில் வருவது.

ஓஎம்ஆர்_வாசி: பார்த்தேன் அக்கா. பட்டியலில் ஒரு வரி இருந்தது, அழித்தேன். சம்பளம் பேசிய பழைய சாட்டும் ஆர்க்கைவில் கிடந்தது. "என்னைப் பற்றி என்ன தெரியும்" என்று கேட்டால் இப்போது எதுவும் சொல்லவில்லை.

அடையாறு_அக்கா: அந்தப் பதிலை நம்பாதீர்கள், எல்லாவற்றையும் சொல்லும் என்றில்லை. வீட்டில் புது சாட் திறந்து நேற்றைய மெயிலையே மறுபடி எழுதச் சொல்லிப் பாருங்கள்.

மயிலை_மணி: ஆபீஸ் லேப்டாப்பில் வேண்டாம்!