தயிர் உறையவே இல்லை. உங்களுக்கு இப்படி ஆனதுண்டா?

பாபநாசம் பக்கம்
ரெண்டு ஜெர்சி கலப்பு. சொசைட்டிக்குப் பால் ஊத்தின வரைக்கும் ஒரு கவலையும் இல்லை. தயிராக்கி கும்பகோணத்துல ஒரு மெஸ்ஸுக்குக் கொடுக்க ஆரம்பிச்சதும்தான் இந்த வயித்தெரிச்சல். முந்தாநேத்து விடிகாலை நாலரைக்குச் சட்டியைத் திறந்தா, எட்டு லிட்டரும் ராத்திரி வச்ச மாதிரியே பாலா இருக்கு. கரண்டில மோந்தா தண்ணியா ஒழுகுது, புளிப்பு வாசனையே இல்லை. ஆறு மணிக்கு மெஸ் பையன் வண்டியோட வந்து நின்னான். மறுநாளும் அதே கதை.

மன்னார்குடிக்காரன்
ஐப்பசி மழைக் குளிர்தான். வைக்கோலுக்குள்ள சட்டியை வைங்க, உறை மோரைக் கொஞ்சம் கூட்டுங்க. நாலு மிளகாய்க் காம்பும் போடுங்க, கல்லு மாதிரி உறையும்.

திருவையாறு அண்ணன்
தம்பி, குளிருன்னா மெதுவா உறையும், பத்து மணிக்காவது கெட்டியாகும். சுத்தமா உறையலைன்னா வேற விஷயம். அக்கா, மாட்டுக்கு மடிவீக்கம் வந்துச்சா?

பாபநாசம் பக்கம்
வந்துச்சு அண்ணே, சின்ன மாட்டுக்கு. டாக்டர் காம்புல மூணு நாள் ட்யூப் ஏத்தினார், கழுத்துல ஊசியும் போட்டார். அந்தக் காம்புப் பாலை மட்டும் தனியா கறந்து கொட்டிட்டேன். மத்த மூணும் நல்லாத்தானே இருந்துச்சு?

திருவையாறு அண்ணன்
அங்கதான் கோளாறு. ஊசி மருந்து ரத்தத்துல ஏறி நாலு காம்புக்கும் வரும். சொசைட்டி கேன்ல நூறு மாட்டுப் பாலோட கலந்து தெரியாமப் போயிடும். ரெண்டே மாட்டுப் பால்னா மருந்து உறைக் கிருமியைக் கொன்னுடும். காய்ச்சினாலும் மருந்து முழுசாப் போகாது. ரெண்டு டம்ளர் எடுங்க. ஒண்ணுல உங்க பால், இன்னொண்ணுல பக்கத்து வீட்டுப் பால், காய்ச்சி ஆறவச்சு ஒரே உறையை ஊத்துங்க. அவங்களுது உறைஞ்சு உங்களுது உறையலைன்னா சந்தேகம் பால் மேலதான். டாக்டர் சொன்ன கெடு முடியற வரைக்கும் அந்த மாட்டுப் பாலைத் தனியா வைங்க.

மன்னார்குடிக்காரன்
அதுக்கு ஏன் கொட்டணும்? பன்னீர் போடலாமே. எலுமிச்சம்பழம் பிழிஞ்சா திரியத்தான் போகுது. பத்து லிட்டருக்கு ஒண்ணரைக் கிலோ வரும்.

திருவையாறு அண்ணன்
திரியும், ஒத்துக்கிறேன். புளிப்புக்குக் கிருமி வேண்டாம். ஆனா மருந்து எங்க போச்சு? பாதி தண்ணியில போனாலும் மீதி பன்னீர்லதானே இருக்கும். தின்னுறது யாரு?

நீடாமங்கலம் பாட்டி
நெய் உருக்குறதைப் பத்தி யாருமே பேசலையே. எங்க பசும்பால் இருபத்தெட்டு லிட்டருக்கு ஒரு கிலோதான் நெய் கிடைக்குது. மோரை விக்கலைன்னா பாலாவே ஊத்தியிருக்கலாம்னு தோணும். முருங்கைக்கீரையைக் கடைசியில போடணும், முதல்லயே போட்டா கருகிடும். என் மருமக கேக்கவே மாட்டேங்குறா.

பாபநாசம் பக்கம்
ராத்திரி டம்ளர் வச்சுப் பார்த்தேன் அண்ணே. பக்கத்து வீட்டுப் பால் தோசை மாதிரி வெட்டி எடுக்கலாம். எங்களுது பாலாவே நின்னுச்சு. பெரிய மாட்டுப் பாலைத் தனியா உறை ஊத்தினேன், உறைஞ்சிருக்கு. டாக்டர் சீட்டுல கெடு எழுதலை. ட்யூப் அட்டையில பார்க்கலாம்னா குப்பையோட எரிச்சாச்சு.