பேஸ்மென்ட் சுவர் வேர்க்குது, சனிக்கிழமை ஆள் வர்றான்: இன்சுலேஷன் உள்ளேயா வெளியேயா?

தக்கலைக்காரி
நாங்க கனடா வந்து ஒண்ணரை வருஷம், வீடு வாங்கி ரெண்டு மாசம். பேஸ்மென்ட் சுவர் ஈரமா கெடக்கு. ஆடி மழைக்கு எங்க ஓட்டு வீட்டுச் சாய்ப்புல அடிக்குமே, அதே நாத்தம். ஒரு காண்ட்ராக்டர் சனிக்கிழமை வந்து ரோஸ் கலர் பஞ்சு அடைச்சு, பிளாஸ்டிக் ஷீட் போட்டு, ஜிப்சம் போர்டு அடிச்சுத் தாறேன்னு சொல்லி அட்வான்ஸ் கேக்கான். பக்கத்து வீட்டுக்காரர் வெளிப்பக்கம் தோண்டித்தான் இன்சுலேஷன் போடணும்ங்கார். அத்தை அடுத்த மாசம் வாறாங்க, அவங்களுக்கு அந்த ரூம்தான். ஒரே வெப்ராளமா இருக்கு. யாராவது சொல்லுங்க.

மார்த்தாண்டம் மாமா
மக்களே, பேஸ்மட்டம் எத்தனை அடி ஏத்திருக்கு? நம்ம ஊர்ல கருங்கல்லு கெட்டி, மேல பெல்ட் போட்டு, ஓதம் ஏறாம சாந்துல மருந்து கலந்து பூசுவோம். 35 வருஷமா இதுதான் எனக்கு வேலை. பேஸ்மட்டத்துக்குள்ள எதுக்கு பஞ்சு? கரையான்லா வரும்.

வின்னிபெக் வாசி
மாமா, இங்க பேஸ்மென்ட்னா மண்ணுக்குள்ள இருக்க ரூம். நான் வந்த முதல் ஆறு மாசம் அப்படி ஒரு ரூம்லதான் வாடகைக்குக் கெடந்தேன். மெத்தையைத் தரையில போட்டிருந்தேன். பிப்ரவரியில தூக்கிப் பாத்தா அடிப்பக்கம் பூரா கறுப்பு. ஓனர்கிட்ட சொன்னா, “நீ சோறு வடிக்கிற ஆவிதான் காரணம்”னார். அந்த இருமல் போக சித்திரை ஆச்சு. தங்கச்சி, அந்த ரூம்ல யாரையும் படுக்க வைக்காதீங்க.

மார்த்தாண்டம் மாமா
மண்ணுக்குள்ளயா! வீட்டை ஏத்திக் கெட்டத் தெரியாதா அவனுகளுக்கு?

கோட்டாறு ரிட்டர்ன்
எதுக்கு இவ்வளவு சிக்கல்? வாட்டர் புரூஃப் பெயிண்ட் ரெண்டு கோட் உள்பக்கம் அடிங்க, அதுக்கு மேல என்ன வேணாலும் போடலாம். நாகர்கோவில்ல எங்க மொட்டை மாடிக்கு அடிச்சது அஞ்சு மழைக்காலம் தாங்கிட்டு.

பூதப்பாண்டி அண்ணன்
மாடியில தண்ணி பெயிண்டை சுவரோட சேத்து அமுக்கும், தம்பி. இங்க தண்ணி பின்னாலேர்ந்து தள்ளும், பெயிண்டு கொப்புளிச்சு உரிஞ்சிடும். லேசான ஓதத்துக்கு கொஞ்ச காலம் நிக்கும், கசிவுக்கு நிக்காது.

தங்கச்சி, நீங்க முக்கியமானது எதையும் சொல்லல. எந்த ஊர்? சுவர் வார்த்த கான்கிரீட்டா, ஹாலோ பிளாக்கா, கல்லா? எப்ப நனையுது, மழைக்கு அப்புறமா, எப்பவுமா? சுவர்ல உப்பு பூத்திருக்கா? பதில் சொல்றதுக்கு முன்னால ஒரு காரியம் செய்யுங்க. ரெண்டடி சதுரத்துல ரெண்டு பிளாஸ்டிக் ஷீட்டு வெட்டி, ஈரமான இடத்துல ஒண்ணு, காஞ்ச மாதிரி இருக்க இடத்துல ஒண்ணு, நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. ஷீட்டுக்குப் பின்னால தண்ணி கோத்தா சுவர் வழியா வருது. முன்னால கோத்தா வீட்டுக் காத்துல உள்ள ஈரம்.

குளச்சல் கரை
எதுக்கு டெஸ்ட்? வெளிப்பக்கம்தான், வேற பேச்சே இல்லை. நாங்க போன வருஷம் தோண்டி, தார் ஷீட்டு ஒட்டி, நுரைப்பலகை வச்சு, அடியில ஓட்டைக் குழாயும் ஜல்லியும் போட்டோம். இப்ப சுவரைத் தொட்டா வெதுவெதுன்னு இருக்கு. ஆனா அந்தக் காசுக்கு ஒரு கார் வாங்கிருக்கலாம்.

வின்னிபெக் வாசி
எங்க ஓனர் ஒரு டிஹ்யூமிடிஃபையர் கூட வாங்கித் தரல, தெரியுமா? இந்த ஊர் காண்ட்ராக்டருகளும் அப்படித்தான். பாதி வேலையில போனை எடுக்க மாட்டான்.

கோட்டாறு ரிட்டர்ன்
அதுக்குத்தான் நான் மூட்டையைக் கட்டிட்டு ஊருக்கே வந்துட்டேன். இப்ப ரசவடை தின்னுக்கிட்டு இதை எழுதுதேன்.

தக்கலைக்காரி
ரசவடை பேச்சை விடுங்க, வயிறு எரியுது. நாங்க ஒட்டாவா. 1970கள்ல கட்டுன வீடு, வார்த்த கான்கிரீட். வடக்கு மூலையில மழை பெஞ்ச மறுநாள் தரையோரம் ஈரக்கோடு வருது, அங்க ரெண்டடி உயரத்துக்கு வெள்ளையா உப்பு பூத்திருக்கு. ஷீட்டு ஒட்டினேன். வடக்கு மூலையில பின்பக்கம் சொட்டுச் சொட்டா தண்ணி. தெக்குச் சுவர்ல ரெண்டு பக்கமும் காஞ்சு இருக்கு. வெளியே போய்ப் பாத்தா, கூரைத் தண்ணி இறங்குற குழாய் அதே வடக்கு மூலையில, சுவரை ஒட்டி நிக்குது.

பூதப்பாண்டி அண்ணன்
பாதி விடை அந்தக் குழாயிலயே இருக்கு. சனிக்கிழமை ஆளை நிறுத்துங்க. 14 வருஷமா இங்க ரெனோவேஷன் வேலை பாக்கேன், அவன் சொன்ன மாதிரி அடிச்ச சுவரை நிறையக் கழட்டியிருக்கேன். பஞ்சு காத்தைத் தடுக்காது. குளிர்காலத்துல ரூம் காத்து அதுக்குள்ள புகுந்து குளிர்ந்த கான்கிரீட்ல பட்டு, ஐஸ் தண்ணிச் சொம்பு மாதிரி வேர்க்கும். கோடையில சுவர்ல ஊறின ஈரம் உள்பக்கமா வரப் பாக்கும், பிளாஸ்டிக்ல தட்டி பஞ்சுலயே நிக்கும். முன்னால போர்டு புத்தம்புதுசா இருக்கும், பின்னால கட்டை கறுத்திருக்கும். மூக்குதான் முதல்ல கண்டுபிடிக்கும்.

குளச்சல் சொல்றது சரிதான். வெளியே போட்டா சுவர் வீட்டோட சூட்டுல இருக்கும், உறைஞ்சு விரியாது, தண்ணியும் சுவரைத் தொடாது. ஆனா அடித்தளம் வரைக்கும் ஏழெட்டடி தோண்டணும். பக்கத்து வீடு நெருங்கி இருந்தா, டிரைவ்வே இருந்தா, வேலை ரெண்டு மடங்கு. கசிவுக்காக எப்படியும் தோண்டுறவங்க அப்பவே இன்சுலேஷனையும் வைக்கணும். உங்களுக்கு இன்னும் அந்த நிலை வரல.

முதல்ல குழாயை நீட்டி, தண்ணியை சுவர்லேர்ந்து ஆறடிக்கு அப்பால விடுங்க. அந்த மூலையில மண்ணு வீட்டுப் பக்கமா சாஞ்சிருக்கும், வெளிப்பக்கம் சரிவா ஏத்துங்க. அப்புறம் ரெண்டு மூணு நல்ல மழை போகட்டும். திரும்பவும் ஈரக்கோடு வந்தா வெடிப்பு இருக்கான்னு பாருங்க. வார்த்த சுவர்ல வெடிப்புக்குள்ள உள்ளேர்ந்தே மருந்து ஏத்தி அடைக்கலாம்.

காஞ்ச சுவர்களுக்கு நீல நிறமோ ரோஸ் நிறமோ உள்ள கெட்டி நுரைப்பலகை, ரெண்டு இஞ்ச், குளிரைத் தடுக்கிற அளவு R-10. கான்கிரீட்டோட ஒட்டி, இணைப்பு எல்லாம் டேப் போட்டு, மேல விட்டத்தோரம் சந்து இல்லாம அடைக்கணும். ரூம் காத்து சுவரைத் தொடக்கூடாது, விஷயமே அதுதான். பலகைக்கு முன்பக்கம் கட்டை, கட்டைக்கு இடையில வேணும்னா கல்பஞ்சு. பிளாஸ்டிக் ஷீட்டு வேண்டாம். நுரை தீப்பிடிக்கும், அதனால ஜிப்சம் போர்டு கட்டாயம்.

குளச்சல் கரை
ஷீட்டு இல்லாம இன்ஸ்பெக்டர் விடுவாரா? எங்க ஊர்ல கேட்டாங்க.

பூதப்பாண்டி அண்ணன்
அந்தத் தடிமன் நுரையே ஆவியைத் தடுக்கும்னு சிலர் ஏத்துக்குவாங்க, சிலர் ஷீட்டைத்தான் கேப்பாங்க. வேலை தொடங்குறதுக்கு முன்னால சிட்டி ஆபீஸ்ல எழுதிக் கேட்டு வாங்கிடுங்க.

மார்த்தாண்டம் மாமா
கல்லுச் சுவருன்னா?

பூதப்பாண்டி அண்ணன்
நல்ல கேள்வி மாமா. பழைய கல்லுச் சுவருக்கு உள்ளே கனமா போட்டா சுவர் குளிர்ந்து, ஊறின சாந்து உறைஞ்சு உதிரும். அங்க நானே கை வைக்கமாட்டேன், வெளிப்பக்கம்தான்.

தக்கலைக்காரி
ஆளை நிறுத்திட்டேன், திட்டிட்டுப் போறான். குழாயை நீட்டி மூணு மழை போச்சு. ஈரக்கோடு வரல, ஷீட்டுக்குப் பின்னால மட்டும் லேசா பனி மாதிரி. அப்ப வடக்கு மூலையையும் சேத்து மூடிடலாமா?

பூதப்பாண்டி அண்ணன்
வேண்டாம். கோடைக் கடைசியில இவ்வளவுதான் ஈரம்னு ஷீட்டு சொல்றது கோடைக்கு மட்டும்தான். மத்த மூணு சுவரை முடிங்க, அந்த மூலையை அடுத்த ஏப்ரல்ல பனி உருகி முடியற வரைக்கும் திறந்தே விடுங்க.

தக்கலைக்காரி
சரி அண்ணே. அத்தைக்கு மேல ஹால்ல கட்டில் போட்டாச்சு. உப்பைத் துடைச்சு, அது இருந்த உயரத்துல பென்சில்ல கோடு போட்டுத் தேதியும் எழுதி வச்சிருக்கேன்.