ஸ்பிரின்டில் பழைய கோடிங்குக்கு என்று ஒதுக்கிய 8 பாயின்ட்: காப்பாற்றியவர்களும் பறிகொடுத்தவர்களும் சொல்லுங்கள்

பில்லிங்காரன்

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு டெவலப்பர், ஒரு டெஸ்டர், இரண்டு வார ஸ்பிரின்ட். கடைகளுக்கும் சின்ன டிஸ்ட்ரிபியூட்டர்களுக்கும் பில்லிங் சாஃப்ட்வேர் செய்கிறோம். ஸ்பிரின்டுக்குச் சராசரியாக 40 பாயின்ட் முடியும். அதில் 20 சதவீதம் பழைய கோடிங்கைச் சரிசெய்ய என்று 2025 தொடக்கத்தில் பேசி முடித்தோம். எல்லோரும் தலையாட்டினார்கள். நாலு ஸ்பிரின்ட் கழித்து `old-code` லேபிள் போட்ட டிக்கெட்டுகளில் முடிந்த பாயின்டை எண்ணிப் பார்த்தேன்: 6, 3, 0, 0.

யாரும் பிடுங்கவில்லை. நாங்களே அந்த டிக்கெட்டுகளைப் பட்டியலின் அடியில் வைத்திருந்தோம். இரண்டாவது வாரம் ஏதாவது ஒன்று இழுத்துக்கொண்டால் அடியில் இருப்பதுதானே முதலில் விழும்.

அப்புறம் கணக்கை மாற்றினோம். பிளானிங்கில் "40 முடியும், அதில் 8 எங்களுக்கு" என்று சொல்வதை விட்டு, "இந்தத் தடவை 32" என்று மட்டும் சொன்னோம். 8 எங்கே போகிறது என்று புராடக்ட் ஓனருக்குத் தெரியும், மறைக்கவில்லை. ஆனால் 40 என்ற எண்ணைக் கேட்டால்தான் பேரம் தொடங்குகிறது. பழைய வேலையை முதல் திங்களன்றே தொடங்கினோம்.

எதைத் தொடுவது என்பதிலும் சண்டை. அவரவருக்குப் பிடிக்காத ஃபைலைச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் எந்த ஃபைல் அதிகம் மாறியது என்று பார்த்தோம்:

```
git log --since="6 months ago" --name-only --pretty=format: \
  | grep -v '^$' | sort | uniq -c | sort -rn | head -20
```

எல்லோரும் திட்டிய ரிப்போர்ட் மாட்யூல் முதல் இருபதிலேயே இல்லை. அசிங்கமாக இருந்தாலும் யாரும் தொடுவதில்லை, கிடக்கட்டும் என்று விட்டோம். மேலே இருந்தது வரி கணக்கு. `amount * 0.18`, `if (rate == 28)` என்று 40 இடங்கள். அவற்றை எடுத்து, பொருள், வீதம், எந்தத் தேதியிலிருந்து என்று ஒரு டேபிளுக்குக் கொண்டு போவதுதான் வேலை.

ஒவ்வொரு இடத்தையும் மாற்றும்போது 300 பழைய பில்களைப் பழைய வழியிலும் புது வழியிலும் ஓட்டிப் பைசா வரை ஒப்பிட்டோம். முதல் தடவையே 17 பில்லில் 1 பைசா இடித்தது. பழைய கோடிங் பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக ரவுண்ட் செய்கிறது, நாங்கள் மொத்தத்தில் ஒருமுறை செய்தோம். எது சரி என்று வாதாடாமல் பழையபடியே வைத்துக்கொண்டோம். கோடிங்கைச் சுத்தம் செய்யப் போய் கடைக்காரரின் பில் தொகை மாறினால், அடுத்த பிளானிங்கில் 8 பாயின்டை யார் தருவார்கள்?

2025 செப்டம்பர் 3-ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் வீதங்களை மாற்றியது, 22 முதல் அமல். 12-இல் இருந்த பெரும்பாலான பொருட்கள் 5-க்கும், 28-இல் இருந்தவற்றில் பெரும்பாலானவை 18-க்கும் போயின. அன்றைக்கு 29 இடங்கள் டேபிளுக்கு வந்திருந்தன. அவற்றுக்குப் புது வரிசைகள் சேர்த்து டெஸ்ட் செய்ய இரண்டு நாள் ஆனது. மிச்சம் 11 இடம், எல்லாம் சரக்குத் திரும்பும் பகுதியில். அங்கே அவசரத்தில் 12-ஐ அழித்து 5 என்று எழுதினோம்.

அந்த வாரமே அடி விழுந்தது. 22-க்கு முன் விற்ற 10,000 ரூபாய் நெய் திரும்பி வந்தது. கிரெடிட் நோட்டில் பழைய 12 சதவீதப்படி 1,200 ரூபாய் வரி வர வேண்டும். எங்கள் சாஃப்ட்வேர் 500 போட்டது. கடைக்காரருக்கு முன் அவருடைய ஆடிட்டர் எனக்குப் போன் செய்தார்.

உங்கள் இடத்தில் எப்படி?

வெள்ளிக்கிழமை ராஜா

எங்கள் கம்பெனியிலும் உண்டு அண்ணே! வெள்ளி முழுக்க நம் இஷ்டம். நான் அதில் கேன்டீன் மெனு காட்டும் ஆப் ஒன்று எழுதினேன், சூப்பராக ஓடுகிறது. கூகுள்காரர்கள் ஆரம்பித்ததுதானே இந்த 20 சதவீதம்?

பில்லிங்காரன்

அது வேறு தம்பி. அது சொந்த யோசனைகளுக்கான நேரம். இங்கே டிக்கெட்டோடு, டெஸ்டரோடு நடக்கும் வேலையைப் பற்றிப் பேசுகிறோம். மெனுவில் இன்று என்ன?

கட்டாய நிறுத்தம்

சொட்டுச் சொட்டாக 8 பாயின்ட் எதற்கு? லிங்க்ட்இன் 2011 கடைசியில் புது ஃபீச்சர் வேலையையே இரண்டு மாதம் நிறுத்திவிட்டு, கோடிங்கை வெளியே கொண்டுபோகும் முறையைச் சீர்செய்தது. அதுபோல மொத்தமாக நிறுத்திச் செய்தால்தான் முடியும்.

இருபது வருஷ லீட்

பாதி சரி. அந்த வருடம் மே மாதம்தான் அவர்கள் பங்குச் சந்தைக்கு வந்திருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் நிறுத்துமளவுக்கு நிலைமை முற்றியிருந்தது, நிறுத்த மேலிடத்தின் ஆதரவும் இருந்தது. நம் டீம் லீட் போய்க் கேட்டால் இரண்டு நாள்கூடக் கிடைக்காது. ஆனால் ஒரே மாதிரி 8-இல் அடங்காத வேலை உண்டு என்பது உண்மை. டேட்டாபேஸ் வெர்ஷன் மாற்றுவதை நறுக்கித் தர முடியாது, அதற்குத் தனியாக நேரம் கேட்டே ஆக வேண்டும்.

பில்லிங்காரன் சொல்லாத ஒன்று: புரொடக்‌ஷன் பக் எந்தக் கணக்கில் போகிறது? எங்களிடம் ஒரு வருடம் எண்கள் அழகாக இருந்தன, 20 சதவீதம் முழுசாகச் செலவு. டிக்கெட்டுகளைத் திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் வாடிக்கையாளர் புகார்கள். லேபிள் மட்டும் பழைய கோடிங். அதற்கப்புறம் பக்குகளுக்குத் தனி ஒதுக்கீடு வைத்தோம், ஒரு ஆளைச் சுழற்சியில் போட்டு. அந்த ஆள் அந்த ஸ்பிரின்டில் கணக்கிலேயே இல்லை. டெஸ்டர் நேரத்தையும் பாருங்கள். ஆறு பேர் பழையதைத் தொட்டால் ஒரு டெஸ்டர் திணறுவார். நாங்கள் 20-ஐ 15 ஆக்கியதற்கு அதுதான் காரணம்.

எதிர்ப்பக்கம்

நான் புராடக்ட் ஓனர், இரண்டு வார்த்தை சொல்ல விடுங்கள். என் டீமுக்கு ஆறு மாதம் இந்த நேரத்தை விட்டுக்கொடுத்தேன். ஓடிக்கொண்டிருந்த ஸ்க்ரீன்களைப் புது ஃபிரேம்வொர்க்கில் திருப்பி எழுதினார்கள், அதுவும் பாதிவரை. இன்றைக்கு இரண்டும் இருக்கிறது. 32 என்று மட்டும் சொல்வீர்கள் என்றால், மீதி 8-இல் என்ன நடந்தது என்று நான் எங்கே கேட்பது?

பில்லிங்காரன்

நியாயம் மேடம். எங்கள் ரிவ்யூவில் அந்த டிக்கெட்டுகளையும் காட்டுகிறோம். 29/40 என்று எண்ணாகச் சொன்னதால் எங்கள் ஆளுக்குப் புரிந்தது. ரிப்போர்ட் மாட்யூலைத் தொட்டிருந்தால் காட்ட எதுவும் இருந்திருக்காது.

கடன் விஷயமும் சொல்ல விட்டேன். மே மாதம் ஒரு டெமோவுக்காக எங்கள் புராடக்ட் ஓனர் 8-ஐயும் கேட்டார். "எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த ஸ்பிரின்டில் 16 எடுப்பேன்" என்று மீட்டிங் குறிப்பில் எழுதி ஓகே வாங்கினேன். கிடைத்தது 12. ஆனால் அதற்கப்புறம் சும்மா கேட்பது குறைந்தது.

மணிக்கணக்கு

நான் சர்வீஸ் கம்பெனி. கிளையன்ட் மணிக்குப் பணம் தருகிறார். டைம்ஷீட்டில் "பழைய கோடிங்" என்று போட்டால் "நீங்கள் எழுதியதுதானே, உங்கள் செலவில் சரிசெய்யுங்கள்" என்கிறார். அதனால் ஒவ்வொரு எஸ்டிமேட்டிலும் கொஞ்சம் ஏற்றிச் சொல்லி அதற்குள் செய்கிறோம். மாட்டினால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. யாராவது இதை நேர்வழியில் செய்திருக்கிறீர்களா?

இருபது வருஷ லீட்

சிலர் ஒப்பந்தத்திலேயே பராமரிப்பு மணி என்று தனி ஐட்டமாகப் போட்டு வாங்குகிறார்கள். புதுப்பிக்கும்போதுதான் கேட்க முடியும். நடுவில் கேட்டு நான் இரண்டு தடவை தோற்றிருக்கிறேன்.

பில்லிங்காரன்

அந்த 11 இடத்தில் 4 முடிந்தது. செவ்வாய்க்கிழமை பிளானிங். நான் 8 கேட்டிருக்கிறேன், 5 தருகிறேன் என்கிறார். நெய் கிரெடிட் நோட்டைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன்.