சொல் தேவை: வண்டு முனகி உதிர்க்கும் மகரந்தத்துக்கு

மேகலா, கேத்தி

குழுவினருக்கு வணக்கம். ஒரு கலைச்சொல் வேண்டும். ஏன் என்று புரிய, போன வாரம் வகுப்பில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஏழாம் வகுப்புக்குப் பூவின் பாகங்கள் பாடம். குன்னூரில் எங்கள் வாசலில் பூத்த செம்பருத்தியைக் கொண்டுபோயிருந்தேன். நீளவாக்கில் பிளந்து, புல்லிவட்டம், அல்லிவட்டம், மகரந்தத்தாள், சூலகம் என்று பிரித்துத் தாளில் ஒட்டி, பக்கத்திலேயே படம் வரைந்து பெயர் எழுதினார்கள். அப்புறம் தேனீ நாடகம். இரண்டு பேர் பூ. உள்ளங்கையில் மஞ்சள்தூள். தேனீக்குக் கம்பளிக் கையுறை (மலையில் அதற்குப் பஞ்சமில்லை). முதல் பூவைத் தொட்டுவிட்டு இரண்டாவதைத் தொட்டால், அங்கே மஞ்சள் ஒட்டியிருக்கும். எல்லாம் நன்றாகத்தான் போனது.

மறுநாள் ஒரு பெண் அவர்கள் தோட்டத்து உருளைக்கிழங்குப் பூவோடு வந்தாள். செம்பருத்தியில் தேய்த்த மாதிரியே விரலால் தேய்த்தாள். "டீச்சர், இதுல தூளே இல்ல." உருப்பெருக்கியில் காட்டினேன். ஐந்து மகரந்தப்பைகள் ஒன்றாகக் கூடி மஞ்சள் கூம்பு மாதிரி நிற்கின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் இரண்டு பொடித் துளைகள். தூள் உள்ளே இருக்கிறது, சில வகை வண்டு வந்து கவ்விப் பிடித்து முனகினால் துளை வழியாகக் கொட்டும் என்றேன். இதற்கு ஆங்கிலத்தில் 'பஸ் பாலினேஷன்' என்று பெயர் என்று பலகையில் எழுதியும் வைத்தேன். அதுதான் தப்பாகிவிட்டது. ஒரு பையன் நோட்டில் ஊட்டி பஸ் வரைந்து, ஜன்னல் வழியாகத் தூள் கொட்டுவதுபோல் போட்டுக் கொண்டுவந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. நான் எழுதிக் காட்டிய எழுத்து அதுதானே.

சுவர்ப் படம் ஒன்று அச்சுக்குப் போகிறது. அதில் இந்தச் சேர்க்கைக்கு என்ன பெயர் போடலாம்?

அருள், சென்னை

'ரீங்கார மகரந்தச் சேர்க்கை' எல்லோருக்கும் புரியும். தேனீ இறக்கை அடிக்கும் வேகத்தில் பூ அதிர்கிறது, தூள் விழுகிறது. எல்லாத் தேனீயும் ரீங்கரிக்கத்தானே செய்கிறது? பெரிய விவாதம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

சுந்தரம், கோத்தகிரி

அருள் தம்பி பாதி சரி. சத்தமும் அதிர்வும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்பது உண்மை. ஆனால் இறக்கை இதில் வேலை செய்வதில்லை. வண்டு மகரந்தப்பைக் கூம்பைத் தாடையால் கவ்வி, உடம்பை வளைத்து அதன்மேல் கவிழ்ந்துகொள்ளும். இறக்கையை முதுகோடு மடக்கி வைத்துக்கொண்டு, பறக்கப் பயன்படும் மார்புத் தசையை மட்டும் துடிக்க விடும். அதனால் பறக்கும்போது கேட்கும் சத்தத்தைவிட இது கீச்சென்று சற்று உயர்ந்து கேட்கும். வேலியோரம் நின்று காதால் கேட்டே பிரித்துச் சொல்லிவிடலாம்.

எல்லாத் தேனீயும் இதைச் செய்வதும் இல்லை. நம் பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீக்கும், பாறையில் கூடு கட்டும் மலைத்தேனீக்கும் இந்த வித்தை தெரியாது. கூரை மரத்தைத் துளைக்கும் கருவண்டும், வயிற்றில் நீலப் பட்டை போட்ட தேனீயும் செய்யும். ரீங்காரம் என்றால் குழந்தை மனதில் முதலில் வருவது தேன்கூடுதான். அங்கேயே பாடம் வழிதவறிவிடும்.

எனக்கு அதைவிடப் பெரிய தகராறு 'சேர்க்கை'யோடு. மகரந்தம் சூல்முடியில் போய் ஒட்டினால்தான் சேர்க்கை. வண்டு முனகுவதால் நேரே நடப்பது தூள் வெளியே வருவது, அவ்வளவுதான். அது தன் பிள்ளைகளுக்குத் தீனி சேர்க்கிறது. உருளைப் பூவில் தேனே கிடையாது, தூள் மட்டும்தான் கூலி. வயிற்று ரோமத்தில் துடைக்காமல் விட்ட கொஞ்சம், அடுத்த பூவில் கூம்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சூல்முடியில் படுகிறது. ஆகவே செயலுக்கு ஒரு பெயர், முழு நிகழ்வுக்கு ஒரு பெயர் என்று இரண்டு வேண்டும். முதலாவதுக்கு 'முரல் உதிர்ப்பு' என்று வைக்கலாம். வண்டு முரலும் என்பது பழைய பாட்டில் சாதாரணம். இரண்டாவது, 'முரல்வழி மகரந்தச் சேர்க்கை'.

மேகலா, உருளைப் பூவில் இன்னொரு சிக்கல் உண்டு. பயிரிடும் ரகங்கள் பலவற்றில் நல்ல மகரந்தமே குறைவு. ஆனி மாத மூட்டத்தில் பூ நனைந்திருந்தால், இருக்கிற கொஞ்சமும் கட்டிப்போய் உள்ளேயே நின்றுவிடும். தூள் இல்லை என்று அந்தப் பெண் சொன்னது சரியாகவே இருந்திருக்கலாம். கத்தரிப் பூவில் செய்து பாருங்கள்.

ஜோதி, குன்னூர் பக்கம்

நான் சொல் பற்றிப் பேச வரவில்லை, மன்னிக்கவும். தேனீ என்று பார்த்ததும் கேட்கத் தோன்றியது. பாலிஹவுஸில் தக்காளி போட்டிருக்கிறேன். பூ கொத்துக் கொத்தாக வருகிறது, பாதிக்கு மேல் கொட்டிவிடுகிறது. உள்ளே 2 தேனீப் பெட்டி வைக்கச் சொல்லிப் பக்கத்துத் தோட்டக்காரர் சொல்கிறார். வைத்தால் காய் பிடிக்குமா?

சுந்தரம்

ஜோதி அம்மா, நீங்கள் சொல் பற்றித்தான் பேசியிருக்கிறீர்கள். தக்காளிக்கும் தூள் கூம்புக்குள்ளேதான். வெளியே நட்டிருந்தால் காற்று ஆட்டியே பெரும்பாலும் தன் பூவுக்குள் தானே சேர்த்துக்கொள்ளும். பாலிஹவுஸில் அந்தக் காற்று இல்லை. அடுக்குத் தேனீ உலுக்காது என்பதால் பெட்டிக்குச் செலவு செய்வது வீண். வெயில் ஏறி, ஈரம் காய்ந்த பிறகு, ஏறக்குறைய 10 மணி முதல் மதியம் வரை, செடி கட்டிய கயிற்றைக் குச்சியால் தட்டிவிடுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். பேட்டரி பல்துலக்கியைக் கொத்துக்காம்பில் வைத்து உலுக்குகிறவர்களும் உண்டு. அதோடு ராத்திரிக் குளிரையும் கவனியுங்கள். 10 பாகைக்குக் கீழே இறங்கினால் மகரந்தமே சரியாக உருவாகாது, பிறகு எவ்வளவு தட்டியும் பலனில்லை.

அருள்

இது நல்ல கேள்வியாகிவிட்டது. குச்சி முரலாதே, ஐயா. பல்துலக்கி வேண்டுமானால் முரலும் என்று வைத்துக்கொள்ளலாம். காற்று? தட்டினாலும் முரன்றாலும் பூவுக்கு நடப்பது அதிர்வுதான். 'அதிர்வு உதிர்ப்பு' என்பதைப் பொதுப் பெயராக வைத்து, வண்டு செய்வதை மட்டும் முரல் என்று சொன்னால் என்ன? ரீங்காரத்தை நான் வாபஸ் வாங்குகிறேன்.

குகன், யாழ்ப்பாணம்

முரல் என்றவுடன் எங்கட வீட்டில் எல்லாருக்கும் பசி வந்துவிட்டது. இங்கே முரல் என்றால் மீன், ஊசி மூக்கோடு நீளமாக இருக்குமே, அது. ராமேஸ்வரம் பக்கமும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். 'முரல் உதிர்ப்பு' என்று படத்தில் போட்டால் எங்கள் பிள்ளைகள் மீன் செதில் உதிர்வதாக எண்ணும். பஸ்ஸில் இருந்து இறங்கிக் கடலில் விழுந்த கதையாகிவிடும்.

இன்னொன்று. உங்கள் படத்தில் மகரந்தத்தாள், மகரந்தப்பை, சூல்முடி. நாங்கள் படித்தது கேசரம், மகரந்தக்கூடு, குறி. புதுச் சொல்லாவது இரண்டு கரைக்கும் ஒன்றாக இருக்கட்டுமே. வண்டு ஒலிக்கு 'இமிர்தல்' என்றும் பழைய சொல் இருக்கிறது. 'இமிர் உதிர்ப்பு' எப்படி? மீன் பிரச்சினை இல்லை. 'தாதூதல்' என்றும் சொல்லலாம். பாட்டுகளில் வண்டு தாது ஊதிக்கொண்டே இருக்கிறது. தாது என்றால் மகரந்தம், ஊதுதல் என்றால் ஒலிப்பதும்தான். இரண்டும் ஒரே சொல்லில் வந்துவிடுகிறது.

மேகலா

வாதம் செய்வதைவிடப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்ப்போம் என்று நினைத்தேன். ஒரு மாணவியின் அப்பா மேட்டுப்பாளையத்துக்குக் காய் லாரி ஓட்டுகிறார். அவரிடம் சொல்லி, பூவோடு நான்கு கத்தரிக் கிளைகளை வாளித் தண்ணீரில் வைத்துக் கொண்டுவரச் செய்தோம். உயர்நிலைப் பள்ளி இயற்பியல் அறையிலிருந்து இசைக்கவைப் பெட்டியைக் கடன் வாங்கினோம்.

கறுப்புச் சார்ட்டின் மேல் பூவைத் தலைகீழாகப் பிடித்து, முதலில் தட்டாத இசைக்கவையின் கவையைக் கூம்பில் தொட்டோம். ஒன்றும் விழவில்லை. 256 என்று பொறித்ததை ரப்பர் செருப்பில் தட்டி, அதே இடத்தில் தொட்டோம். வெளிர்மஞ்சளாக ஒரு கோடு, சலித்த மாவு மாதிரி கொட்டியது. 32 பேரும் மூச்சுவிடவில்லை. மொட்டில் செய்தோம், வரவில்லை. நுனித் துளை அதில் இன்னும் திறக்கவில்லை. ஒரு பூவின் மேல் தண்ணீர் தெளித்துச் செய்தோம், ஈரமாக ஒரு சிறு கட்டி மட்டும் நுனியில் ஒட்டிக்கொண்டு நின்றது. தொட்ட மறுநொடியே கவை அடங்கிவிடுவதால் ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தட்ட வேண்டியிருந்தது. பூவை அழுத்தினால் சத்தம் உடனே செத்துவிடுகிறது. நுனி பட்டும் படாமல் தொட வேண்டும். உருளைப் பூவிலும் செய்தோம், காய்ந்த பூவிலேயே கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் வரவில்லை. ஐயா சொன்னது சரி.

அடுத்து நாடகத்தை மாற்றினோம். பூவுக்கு உள்ளங்கை மஞ்சள்தூள் வேண்டாம், புட்டாமாவு டப்பா. மூடியில் துளை இருக்கிறதே. சும்மா தொட்ட தேனீக்கு ஒன்றும் கிடைக்காது. இப்போது மூன்று குழுவுக்கு மூன்று சொல் மட்டும் கொடுத்து, விளக்கம் சொல்லாமல், நடித்துக்காட்டச் சொன்னேன்.

'தாதூதல்' குழு டப்பாவை வாயால் ஊதியது. தூள் எல்லோர் முகத்திலும். குகன் அண்ணா, மன்னிக்க வேண்டும், அந்தச் சொல் அங்கேயே விழுந்துவிட்டது. 'இமிர் உதிர்ப்பு' குழு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. 'முரல் உதிர்ப்பு' குழுவும் அப்படித்தான் நின்றது (மீன் யாருக்கும் தோன்றவில்லை, மலைதானே). பிறகு இரண்டு சொல்லுக்கும் பொருள் சொன்னேன். உதட்டை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முரன்று, தொண்டையில் கைவைத்துப் பார்க்கச் சொன்னதும் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பையன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, டப்பாவைத் தாடைக்குக் கீழே இடுக்கி, உடம்பையே நடுங்க வைத்துக் கொட்டினான். இறக்கை வேலை செய்யாது என்று நான் சொன்னதை அவன்தான் கேட்டிருக்கிறான்.

என் படத்தில் இப்போதைக்கு 'முரல் உதிர்ப்பு'.

குகன்

தாதூதல் தோற்றதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இமிரும் முரலும் உங்கள் வகுப்பில் சமநிலை. இரண்டுக்கும் நீங்கள்தான் பொருள் சொல்லிக்கொடுத்தீர்கள். கடலோரப் பிள்ளைகளிடம் ஒருமுறை நடத்திப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது. நான் இங்கே ஒரு ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன்.

சுந்தரம்

சரி, காத்திருக்கலாம். அருளின் 'அதிர்வு உதிர்ப்பு' பொதுப் பெயராக இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. மேகலா, படத்தில் ஒரு திருத்தம். தக்காளிக்கு நுனித் துளை வரையாதீர்கள். அதன் மகரந்தப்பை உள்பக்கமாக நீளவாக்கில் வெடிக்கும். பைகள் ஒட்டிக் குழலாக இருப்பதால் தூள் நுனி வழியாக வருகிறது, அவ்வளவுதான். துளை கத்தரிக்கும் உருளைக்கும்.

ஜோதி

நாலு நாளாகக் குச்சியால் தட்டுகிறேன். பிடித்ததா இல்லையா என்று எப்போது தெரியும், ஐயா?

சுந்தரம்

இன்று தட்டிய கொத்தில் ஒரு பூவுக்கு நூல் கட்டி வையுங்கள். ஒரு வாரம், குளிர் அதிகமென்றால் பத்து நாள். காம்பில் நடுவே ஒரு கணு இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்த இடம் மஞ்சளானால் அந்தப் பூ உதிரப் போகிறது. கணு பச்சையாகவே இருந்து, வாடிய அல்லி சுருங்கி நுனியில் தொங்கினால், அதைத் தள்ளிப் பாருங்கள். அடியில் மிளகளவு பிஞ்சு இருக்கும்.